தாத்தாவின் ரேடியோ ஆன்டீக்கா, வின்டேஜா? பழசைச் சொல்லும் ஐந்து ஆங்கிலச் சொற்கள்

போன வருஷம் தாத்தா வீட்டில் இருந்த வால்வு ரேடியோவை விற்க ஆன்லைனில் ஒரு விளம்பரம் போட்டேன். "ஆன்டீக் ரேடியோ" என்று தலைப்பு வைத்திருந்தேன். முதலில் வந்த ஆள் விலையைக் கேட்கவே இல்லை. "எந்த வருஷத்து ரேடியோ சார்? நூறு வருஷம் ஆச்சுன்னு எதை வெச்சு சொல்றீங்க?" என்றுதான் கேட்டார். ரேடியோவோடு ஒரு லைசென்ஸ் புத்தகம் இருந்தது, அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீஸில் பணம் கட்ட வேண்டும் இல்லையா, அதில் முதல் முத்திரை 1958. நூறுக்கு இன்னும் ரொம்ப தூரம். தலைப்பு தப்பு.

அந்த ஒரு ரேடியோவை வைத்தே ஏன்ஷியன்ட், ஆன்டீக், வின்டேஜ், அப்சலீட், அவுட்டேட்டட் என்ற ஐந்தையும் பிரித்துப் பார்க்கலாம். டிக்‌ஷனரியில் ஐந்துக்கும் "பழைய" என்றே போட்டிருப்பார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் படி: பழசானதால் மதிப்பு கூடுகிறதா, குறைகிறதா?

வயதைப் பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். கூடுகிறது என்றால் ஆன்டீக் அல்லது வின்டேஜ். குறைகிறது என்றால் அப்சலீட் அல்லது அவுட்டேட்டட். கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை, ரொம்ப ரொம்ப முந்தைய காலம் என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ஏன்ஷியன்ட். நம் "தொன்மையான" இதற்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்: ஏன்ஷியன்ட் ரோம், ஏன்ஷியன்ட் எகிப்து, சங்க காலத் தமிழகம் என்றால் ஏன்ஷியன்ட் தமிழகம். ஐரோப்பிய வரலாற்றில் மேற்கு ரோமப் பேரரசு விழுந்த 476-ஐ ஒட்டி இந்தச் சொல்லின் எல்லையைப் போடுவது வழக்கம். அதனால் 300 வருஷத்துக் கோட்டையைக்கூடப் பேச்சில் ஏன்ஷியன்ட் என்றால் கொஞ்சம் உறுத்தும். ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. நம் நாட்டின் 1958-ஆம் வருஷத்துத் தொல்சின்னங்கள் சட்டத்தில், நூறு வருஷம் நின்ற கட்டடமே அந்தப் பெயருக்குள் வந்துவிடும்.

இரண்டாம் படி: மதிப்பு கூடுகிறது என்றால் வருஷத்தை எண்ணுங்கள்

ஆன்டீக் என்றால் நூறு வருஷம். அமெரிக்கச் சுங்கத்துறையின் கணக்கும் அதுதான். இந்தியாவில் 1972-இல் வந்த தொல்பொருள் சட்டமும் பெரும்பாலான பொருள்களுக்கு நூறு வருஷம் என்றே வைத்திருக்கிறது, கையெழுத்துச் சுவடிகளுக்கு மட்டும் 75. அந்தச் சட்டத்துக்குள் வரும் பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது, தொழிலாக விற்க லைசென்ஸ் வேண்டும். அதனால் கேட்க நன்றாக இருக்கிறதே என்று இந்தச் சொல்லை ஒட்டிவிடாதீர்கள். அப்புறம் உச்சரிப்பு: அழுத்தம் கடைசியில், ஆன்-டீக். "ஆன்டிக்" என்று குறுக்கினால் அது கோமாளித்தனத்தைக் குறிக்கும் வேறொரு சொல்.

வின்டேஜ் திராட்சைத் தோட்டத்தில் பிறந்த சொல். ஒரு குறிப்பிட்ட வருஷத்து அறுவடை, அந்த அறுவடையில் செய்த ஒயின், இதுதான் மூலப் பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பயன்பாடு தானாகப் பிடிபடும், ஏனென்றால் வின்டேஜ் என்பது வெறும் பழசு இல்லை, ஒரு காலகட்டத்தின் நல்ல சரக்கு. அதனால்தான் பக்கத்தில் வருஷமோ காலமோ போட்டால் சொல்லுக்குப் பலம் வருகிறது: "1958 வின்டேஜ் ரேடியோ", "எழுபதுகளின் வின்டேஜ் கடிகாரம்". எல்லாப் பொருளுக்கும் ஒரே வயது எல்லை கிடையாது. வண்டிகளுக்கு மட்டும் நம் நாட்டில் 2021-இல் ஒரு விதி வந்தது. ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும், பெரிதாக மாற்றியமைக்காமல் அசல் உருவில் இருக்க வேண்டும், அப்படி இருந்தால் நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து VA என்று வரும்.

மூன்றாம் படி: மதிப்பு குறைகிறது என்றால், வழக்கம் போய்விட்டதா, விவரம் பிந்திவிட்டதா?

அதிகம் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அப்சலீட் என்றால் வழக்கொழிந்தது. வேறொன்று வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. என் ரேடியோவின் வால்வுகள் இன்றைக்கும் சுவிட்சைப் போட்டால் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும், ஒரு நிமிஷத்துக்குள் சத்தமும் வரும். இருந்தாலும் டிரான்சிஸ்டர் வந்தபிறகு யாரும் ரேடியோவுக்கு வால்வு போடுவதில்லை, அதனால் ரேடியோ தொழில்நுட்பமாக அது அப்சலீட். அதே வால்வை கிதார் ஆம்ப்ளிஃபையரில் இன்றும் விரும்பிப் போடுகிறார்கள். அங்கே போய் அப்சலீட் என்றால் தப்பு. ஆக, எந்த வேலைக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் இந்தச் சொல் சரியாக நிற்கும்.

அவுட்டேட்டட் தகவலுக்கும் கருத்துக்கும் உரியது. ரேடியோவின் டயலில் "சிலோன்", "மெட்ராஸ்" என்று அச்சடித்திருக்கிறது. சிலோன் 1972-இல் ஸ்ரீலங்கா ஆனது, மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது. டயல் பழுதில்லை, அதில் எழுதியிருப்பதுதான் அவுட்டேட்டட். புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று சொல்லும் பாடப்புத்தகமும் 2006-க்குப் பிறகு இதே கணக்கில் வரும்.

சந்தேகம் வந்தால் சொல்லுக்கு முன்னால் "கொஞ்சம்" போட்டுப் பாருங்கள். கொஞ்சம் அவுட்டேட்டட் என்று சொல்லலாம். கொஞ்சம் அப்சலீட் ஒட்டாது, ஏனென்றால் வழக்கம் ஒழிந்ததா இல்லையா என்பதுதான் அதில் கேள்வி.

தமிழ் பேசும் நமக்கென்றே ஒரு வழுக்கல் உண்டு. "காலாவதியான கருத்து" என்கிறோம், "காலாவதியான மாத்திரை" என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் கருத்து அவுட்டேட்டட், மாத்திரை எக்ஸ்பயர்டு. மாத்திரைக்கு அவுட்டேட்டட் போட்டால், பழைய வகை மருந்து, இப்போது டாக்டர்கள் எழுதுவதில்லை என்ற அர்த்தம் வந்துவிடும்.

நான்காம் படி: மனிதர் என்றால் நிறுத்தி யோசியுங்கள்

84 வயதுத் தாத்தாவுக்கு இந்த ஐந்தில் எதுவும் வேண்டாம். எல்டர்லி என்று சொல்லுங்கள், மரியாதையாக இருக்கும். ஏன்ஷியன்ட், ஆன்டீக் இரண்டும் ஆளைப் பார்த்துச் சொன்னால் கேலி. அப்சலீட் என்றால் "உங்களால் இனிப் பயனில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அவருடைய ஒரு கருத்து பிந்தியது என்றால் அந்தக் கருத்தை மட்டும் அவுட்டேட்டட் என்று சொல்லலாம், அவரைச் சொல்லக் கூடாது. கிரேக்கர், ரோமர் என்று பழங்கால மக்களைச் சேர்த்துச் சொல்லும்போது ஏன்ஷியன்ட் தாராளமாக வரலாம்.

ஒரே விலக்கு வின்டேஜ். கிரிக்கெட் வர்ணனையில் "வின்டேஜ் தோனி" என்று கேட்டிருப்பீர்கள். அது அவர் வயதைப் பற்றியது இல்லை, அவருக்கே உரிய ஆட்டம் அதன் உச்சத்தில் தெரிகிறது என்ற பாராட்டு.

சரி, ரேடியோவுக்கு வருவோம். விளம்பரத்தை ஆங்கிலத்தில் மாற்றி எழுதினேன், அதன் சாரம் இது: "1958 வின்டேஜ் வால்வு ரேடியோ. ஓடுகிறது. டயலில் அந்தக் காலத்து ஊர்ப் பெயர்கள், லைசென்ஸ் புத்தகம் உண்டு." லைசென்ஸ் முறையே இப்போது இல்லை, அந்தப் புத்தகம் அப்சலீட்தான். ஆனால் வருஷத்துக்கு அதுதான் சாட்சி என்பதால் முத்திரை விழுந்த பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போட்டேன்.