தறிச் சத்தம் இல்லாத வீடு

சோமனூரில் இருந்தவரை பக்கத்துத் தறிக்குடோன் சத்தத்தில்தான் எங்கள் 9 மாதப் பாப்பா தூங்கும். கோபிசெட்டிபாளையத்துக்கு வீடு மாறியதும் இரவில் 4 முறை விழித்து அழுதாள். பல் முளைக்கிறது என்றார் அம்மா. ஆனால் பகலில் நன்றாகவே விளையாடினாள், காய்ச்சலும் இல்லை. நாய் குரைத்தால், தாழ்ப்பாள் இழுத்தால் மட்டும் திடுக்கென்று எழுந்தாள். புது வீட்டின் அமைதிதான் சிக்கல் என்று அப்புறம்தான் புரிந்தது.

பழைய டேபிள் ஃபேனை அறையின் மறுமூலையில் சுவரைப் பார்த்து வைத்து விடிய விடிய ஓடவிட்டேன். பழகிய வாசனை இருக்கட்டும் என்று பழைய விரிப்பைத் துவைக்காமலே மெத்தையில் இறுக்கி விரித்தேன் (மாமியார் முகம் சுளித்தார்). குளியல், பால், தாலாட்டு என்ற வரிசையை மாற்றவில்லை. பகலிலும் அதே அறையில் விளையாடவிட்டோம். அழுதால் உடனே தூக்காமல் தட்டிக்கொடுத்தேன். 3ஆம் இரவு 2 முறை எழுந்தாள். 8ஆம் இரவு ஒரே முறை, அதுவும் பாலுக்கு.