இதயப் படத்துல இடது வலது குழம்பாம இருக்க

இதயப் படத்தைப் பாத்ததும் முதல்ல எந்தக் கீழறைக்குச் சுவர் தடிமனா இருக்குன்னு பாருங்க, அதுதான் இடது வென்ட்ரிக்கிள், ஆக்சிஜன் உள்ள ரத்தம் ஓடுற பக்கம் அதுதான். பேப்பர்ல அது நம்ம வலது கைப்பக்கம் இருக்கும், ஏன்னா எதிர்ல நிக்கிற ஆளோட நெஞ்சைப் பாக்குற மாதிரி வரைஞ்சிருக்காங்க.

வலது வென்ட்ரிக்கிள் பக்கத்துலயே இருக்க நுரையீரலுக்குத்தான் தள்ளணும், இடதுக்கு உடம்பு முழுக்க அனுப்பணும், அதான் சதை ஜாஸ்தி. அங்க பென்சிலை வெச்சு பின்னாடி போனா ஈரிதழ் வால்வு, இடது ஏட்ரியம், நுரையீரல் சிரைன்னு வரும், முன்னாடி போனா அரைச்சந்திர வால்வு தாண்டி பெருந்தமனி. இன்னொரு பாதியில மூவிதழ் வால்வு இருக்கும், அங்க ஓடுறது ஆக்சிஜன் கம்மியான ரத்தம்.

தமனின்னாலே சிவப்புன்னு மட்டும் கலர் அடிச்சிடாதீங்க, நுரையீரல் தமனி நீலம், நுரையீரல் சிரை சிவப்பு (மார்க் போறதே இங்கதான்).

வெட்டிக் காட்டாத வெளித்தோற்றப் படத்துல சுவரே தெரியாது, அதுக்கு இது உதவாது. கருவுல இருக்க குழந்தையோட இதயத்துக்கும் செட் ஆகாது, ஏட்ரியங்களுக்கு நடுவுல ஓட்டை இருக்கறதால ரெண்டு ரத்தமும் கலக்கும்.