ஊர் சிம்மைப் போட்டதும் No SIM என்று வந்தால்

ஊருக்குப் போய் இறங்கியதும் பலரும் செய்வது, போனிலிருக்கும் வெளிநாட்டு சிம்மைக் கழற்றிவிட்டு ஊர் சிம்மைப் போடுவதுதான். அது பெட்டிக்குள் ரெண்டு வருஷமாகக் கிடந்த பழைய சிம்மாக இருக்கலாம், வந்த அன்றே வாங்கிய புதுசாகவும் இருக்கலாம். ட்ரேயை உள்ளே தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தால் No SIM. உடனே ஒருவர் "இங்கே டவர் சரியில்லை" என்பார், இன்னொருவர் "போன் லாக் ஆகியிருக்கும், விற்ற கம்பெனியின் சிம்மை மட்டும்தான் ஏற்கும்" என்பார். ரெண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் No SIM என்ற எழுத்துக்கும் டவருக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: போன் அந்த அட்டையைப் படித்ததா, இல்லையா? ட்ரே, தூசு, போனுக்குள் சிம்மைத் தொடும் முனை வளைந்திருப்பது, அட்டையின் மேல் அழுக்கு எல்லாம் "படிக்கவில்லை" பக்கம். சிக்னல், லாக், செயலிழந்த எண் எல்லாம் "படித்துவிட்டது, ஆனால் இணைய முடியவில்லை" பக்கம். இதைப் பிரிக்காமல் ட்ரேயைப் பத்துத் தடவை இழுத்து இழுத்துப் போடுவதில் நல்ல முனைகளும் தேய்ந்துபோகும்.

பிரிப்பதற்கு நம்பகமான வழி ICCID. இது சிம்முக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் 19 அல்லது 20 இலக்க எண். 89 என்று தொடங்கும். சிம் அட்டையின் மேலும் பெரும்பாலும் இது முழுசாகவோ பாதியாகவோ அச்சடித்திருக்கும். ஐபோனில் Settings, General, About என்று போய்க் கீழே இறங்கினால் தெரியும். ஆண்ட்ராய்டில் About phone என்பதற்குள் SIM status என்ற இடத்தில் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மெனு கொஞ்சம் மாறும். அந்த எண் தெரிந்தால் போன் அட்டையைப் படித்துவிட்டது, ட்ரேயைத் தொட வேண்டாம். போன் சிம்மின் PIN கேட்டாலும் அதே அர்த்தம்தான். ரெண்டு சிம் போடும் போனாக இருந்தால், பார்ப்பது சரியான சிம்முக்குரிய விவரம்தானா என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு இ-சிம்மின் எண்ணைப் பார்த்துவிட்டு "படிக்கிறதே" என்று ஏமாறுவது எளிது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. Emergency calls only என்ற வாசகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சிம் இல்லாத போனும் அதைக் காட்டும், சிம் இருந்தும் நெட்வொர்க் ஏற்காத போனும் அதைக் காட்டும். No Service என்று வந்தால் அது பெரும்பாலும் நெட்வொர்க் பக்கம். Invalid SIM என்று வந்தால் லாக், செயலிழந்த சிம், பழுதான அட்டை என்று மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் ICCID வரைக்கும் போகச் சொல்கிறேன்.

போன தடவை எங்கள் மாமாவின் போனில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். மாமா ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போவார். ஊர் சிம் தொலைந்துவிடக் கூடாதென்று பாஸ்போர்ட் உறைக்குள் செலோடேப்பால் ஒட்டி வைத்திருந்தார். அங்கே போய்ப் போட்டால் No SIM. "போன்தான் கெட்டுப்போச்சு, புதுசு வாங்க வேண்டியதுதான்" என்று கிளம்பிவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் மாமா என்று நிறுத்தி, முதலில் அவருடைய வெளிநாட்டு சிம்மை அதே ட்ரேயில் திரும்பப் போட்டோம். அரை நிமிஷத்தில் ICCID வந்தது. ஆக ட்ரேயும் உள்ளே இருக்கும் முனைகளும் சரி. பிறகு ஊர் சிம்மை என் போனில் போட்டோம். அங்கேயும் No SIM. ஆக கோளாறு அட்டையில்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதுதான் வசதி: கையில் எப்போதும் ரெண்டு சிம் இருக்கும், வீட்டில் இன்னொரு போனும் இருக்கும். நல்ல சிம் இந்தப் போனில், சந்தேகச் சிம் வேறு போனில் என்று மாற்றிப் போட்டுப் பார்த்தாலே அட்டையா போனா என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

மாமாவின் சிம்மை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தங்க நிறப் பட்டைகளின் மேல் மங்கலான ஒரு படலம். டேப்பின் பசை. ஒட்டும் பக்கம் நேராகப் பட்டைமேலேயே இருந்திருக்கிறது. ஊசி போடும் முன் தோலைத் துடைக்க ஃபார்மசியில் கிடைக்கும் ஆல்கஹால் துடைப்பான் ஒன்றை எடுத்து நாலைந்து தடவை மெதுவாகத் துடைத்தோம். அதன் பிறகு ஐந்து நிமிஷம் காயவிட்டு, நூல் உதிராத கண்ணாடித் துணியால் ஒரு துடை. போட்டதும் ICCID வந்துவிட்டது. ஆனால் அதோடு முடியவில்லை; மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் சோதனையில் ரெண்டு சிம்மையுமே அந்தப் போன் படிக்கவில்லை என்றால் கோளாறு போனில். அப்போது போனை அணைத்துவிட்டு ட்ரேயை வெளியே எடுங்கள். ஊசியைக் குத்தும் முன் துளையைச் சரியாகப் பாருங்கள். ட்ரேயின் துளை ட்ரேயின் மேலேயே இருக்கும். பக்கத்தில் தனியாக ஒரு சின்னத் துளை இருந்தால் அது மைக்காக இருக்கலாம், அதில் குத்தினால் அடுத்த கோளாறு ஆரம்பம். எடுத்த ட்ரே வளைந்திருக்கிறதா என்று ஒரு சமதளத்தில் வைத்துப் பாருங்கள். அட்டை ட்ரேயில் ஆடாமல் படிந்து உட்கார வேண்டும். வெட்டிய மூலை ட்ரேயின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். வேறு மாடலின் ட்ரேயைச் செருகியிருந்தால், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சிம் முனைகளுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

அப்புறம் தூசு. ஜீன்ஸ் பையில் வருஷக்கணக்கில் கிடந்த போனில் நூல் தூசு ட்ரேயின் விளிம்பு வழியாக உள்ளே போய் அடிவரை அழுந்திவிடும். அப்போது ட்ரே அரை மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். விரல் நகத்தை விளிம்பில் ஓட்டினால் தட்டுப்படும். ட்ரே முழுசாக உள்ளே போய் உட்காராவிட்டால், முனை பட்டையில் பட்டிருந்தாலும் சில போன்கள் சிம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளாது. ட்ரே போகும் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். கேமரா துடைக்கும் ரப்பர் ஊதி இருந்தால் அதால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடவே கூடாது. பஞ்சு நூல் முனையில் மாட்டி, இழுக்கும்போது முனையையும் சேர்த்துத் தூக்கிவிடும்.

அந்த முனைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிம்மின் பட்டைகளைத் தொடுவதற்காகத் துளைக்குள் சின்னச் சின்னத் தகட்டு நாக்குகள் இருக்கும், பெரும்பாலும் ஆறு. ஒவ்வொன்றும் ஸ்பிரிங் போல லேசாக மேலே எழும்பி நிற்கும். சிம் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய் அழுத்தி உட்காரும். டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாகத் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தாலோ, பின்பக்கமாக மடிந்திருந்தாலோ அதுதான் வில்லன். சில போன்களில் துளை ஆழமாக இருப்பதால் எல்லாம் கண்ணுக்குப் படாது.

இவை எப்படி வளைகின்றன? ஊருக்குப் போகிறவர்கள் கையில் ரெண்டு வழி. ஒன்று, பழைய பெரிய சிம்மைக் கத்தரியால் வெட்டி நானோவாக்குவது. நானோ சிம்மின் தடிப்பு 0.67 மில்லிமீட்டர், பழைய அளவுகளின் தடிப்பு 0.76. வித்தியாசம் சின்னதுதான். ஆனாலும் வெட்டிய அட்டை உள்ளே இறுகும், வெட்டின விளிம்பின் பிசிறு நாக்கில் மாட்டும். இன்னொன்று அடாப்டர். வீட்டிலிருக்கும் பழைய போனில் நானோ சிம்மைப் போட, நடுவே ஓட்டையுள்ள பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துச் செருகுவோம். அதிலிருந்து சிம் நழுவி விழுந்து வெறும் சட்டம் மட்டும் உள்ளே போனால், நாக்குகள் எழும்பி அந்த ஓட்டைக்குள் புகுந்துகொள்ளும். வெளியே இழுக்கும்போது சட்டத்தின் விளிம்பு அவற்றைக் கொக்கி போட்டு மடக்கிவிடும். அப்படி மாட்டினால் பலம் கொண்டு இழுக்காதீர்கள். மெல்லிய, விறைப்பான பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சட்டத்துக்கும் நாக்குகளுக்கும் நடுவே நுழைத்து, நாக்குகளைக் கீழே அழுத்தியபடியே சட்டத்தை வெளியே எடுக்க வேண்டும்.

மடிந்த நாக்கை ஊசியால் நிமிர்த்தலாமா என்று கேட்பார்கள். லேசாகப் படுத்திருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பழகிய கை தூக்கிவிடும். திரும்ப மடிந்த தகடு நிமிர்த்தும்போது பெரும்பாலும் ஒடியும். ஒடிந்தால் சிம் ரீடரையே மாற்ற வேண்டும். பல போன்களில் அது நேராக போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும், அந்த வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். சிம்முக்குப் பின்னால் காகிதம் மடித்து வைப்பதும் உண்டு. பலவீனமான நாக்குக்கு அது நாலு நாள் உதவும், ஆனால் மற்ற ஐந்தையும் அழுத்திப் படுக்கவைத்துவிடும். விடுமுறை முடியும் வரை தாக்குப்பிடித்தால் போதும், போனில் இ-சிம் வசதியும் இருக்கிறது என்றால், துளையை நோண்டாமல் ஊர் எண்ணை இ-சிம்மாக வாங்குவதே நல்லது. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதலான மாடல்களில் ட்ரேயே கிடையாது, அதை வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. போனை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு ட்ரே இருக்கும் பக்கத்தை மெதுவாக அழுத்தினாலோ தட்டினாலோ No SIM வந்து வந்து போனால் அது முனை. அறைக்குள் போனால் சிக்னல் கம்பிகள் இறங்கி, முற்றத்துக்கு வந்தால் ஏறினால் அது நெட்வொர்க்.

ICCID தெரிந்தும் இணையவில்லை என்றால் முதலில் Settings இல் நெட்வொர்க் தேர்வைப் பாருங்கள். ரோமிங்குக்காக எப்போதோ கையால் ஒரு நெட்வொர்க்கைத் தேர்ந்திருந்தால் போன் இன்னும் அதையே தேடிக்கொண்டிருக்கும். Automatic என்று மாற்றுங்கள். அடுத்தது லாக். தவணையில் எடுத்த போனாக இருந்தால் இது அதிகம். ஐபோனில் அதே About பக்கத்தில் Carrier Lock என்ற இடத்தில் No SIM restrictions என்றிருக்க வேண்டும். லாக் ஆன ஆண்ட்ராய்டு, வேறு சிம் போட்டதும் பெரும்பாலும் network unlock PIN கேட்கும். திறந்துவிட வேண்டியது போன் வாங்கிய நாட்டின் கம்பெனி, அதனால் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர்களிடம் போனில் பேச ஒரு சிம் வேண்டுமே!

மாமா கதைக்கு வருவோம். பசை போய் ICCID வந்த பிறகும் No Service தான். தேர்வு Automatic, லாக் இல்லை, அதே கம்பெனியின் வேறு சிம் அதே அறையில் முழுக் கம்பியோடு வேலை செய்தது. மிச்சம் ஒன்றுதான்: ரெண்டு வருஷமாக ரீசார்ஜ் செய்யாத எண்ணைக் கம்பெனி நிறுத்திவிட்டது. விசாரித்ததில் எண்ணும் கைவிட்டுப் போயிருந்தது, புது எண்தான் எடுக்க வேண்டியிருந்தது. மாமா பழைய சிம்மைக் குப்பையில் போட மனமில்லாமல் திரும்ப டேப்பை எடுத்தார். பறித்து வைத்துக்கொண்டு, புது சிம் வந்த அட்டைச் சட்டத்திலேயே வெளிநாட்டு சிம்மைப் பொருத்தி, தங்கப் பட்டையில் எதுவும் படாதபடி ஒரு சின்ன டப்பாவுக்குள் போட்டுக் கொடுத்தேன்.