வலி வருமுன் பனிக்குடம் உடைந்தால்: வீட்டிலிருந்து பிரசவ வார்டு வரை என்ன செய்வது

பனிக்குடம் உடைந்தால் கூடவே இடுப்பு வலியும் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வலி பிடித்து, அந்த வலிக்கு நடுவில்தான் அது உடையும். ஆனால் மாதம் நிறைந்த கர்ப்பிணிகளில் 100-க்கு ஏறக்குறைய 8 பேருக்கு வலி தொடங்கும் முன்பே உடைந்துவிடுகிறது. இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வரும் பெண்களைப் பிரசவ வார்டில் பார்க்கும் செவிலியர் நான். தண்ணீர் உடைந்து வெகுநேரம் கழித்து வருகிறவர்களிடம் ஏன் தாமதம் என்று கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான்: "வலியே இல்லையே சிஸ்டர், விடியட்டும்னு அத்தை சொன்னாங்க."

வலி இல்லாததால் அவசரமில்லை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இங்கே கணக்கு வலியை வைத்து அல்ல, தண்ணீர் உடைந்த நேரத்தை வைத்து. அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேரம் ஏன் முக்கியம்

குழந்தையையும் அதைச் சுற்றியுள்ள பனிநீரையும் மூடி வைத்திருப்பது மெல்லிய சவ்வுப் பை. பிறப்புறுப்பில் எந்நேரமும் கிருமிகள் இருக்கும். அது நோயல்ல, எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். சவ்வு முழுசாக இருக்கும்வரை அவை மேலே போக முடியாது. சவ்வு கிழிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்பைக்குள் ஏறலாம். சவ்விலும் நஞ்சுக்கொடியிலும் தொற்று பிடித்தால் தாய்க்குக் காய்ச்சலும், குழந்தைக்கு நிமோனியாவோ இரத்தத் தொற்றோ வரக்கூடும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மாதம் நிறைந்த குழந்தைக்குக் கடுமையான தொற்று வரும் வாய்ப்பு சாதாரணமாக 200-ல் 1. வலிக்கு முன் பனிக்குடம் உடைந்திருந்தால் 100-ல் 1. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் மணி ஏற ஏற ஆபத்தும் ஏறும், தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தெரியாது. காய்ச்சல் வந்த பிறகு கிளம்பினால் தொற்று முந்திக்கொண்டது என்று அர்த்தம்.

முதலில்: அது பனிநீர்தானா?

கடைசி மாதத்தில் குழந்தையின் தலை மூத்திரப்பையை அழுத்துவதால் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும். வெள்ளைப்படுதலும் அதிகமாக இருக்கும். அதனால் ஈரம் கண்டதும் குழப்பம் வருவது சகஜம்.

இப்படிச் செய்யுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, துவைத்துக் காயவைத்த வெள்ளை வேட்டித் துணியையோ வெள்ளை நாப்கினையோ வைத்துக்கொள்ளுங்கள். பழைய கலர் சேலைத் துணி வேண்டாம்; அதில் நீரின் நிறம் தெரியாது, மருத்துவமனையில் நாங்கள் முதலில் கேட்பதே நிறத்தைத்தான். அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருந்துவிட்டு எழுந்து நில்லுங்கள். பனிநீராக இருந்தால் படுத்திருக்கும்போது உள்ளே தேங்கி, எழுந்ததும் குபுக்கென்று வரும். சிறுநீரை அடக்குவதுபோல் அடக்கிப் பார்த்தாலும் நிற்காது. மோந்து பார்த்தால் மூத்திர வாடை இருக்காது. லேசான, இனிப்பு கலந்த வாடையோ, வாடையே இல்லாமலோ இருக்கும்.

எல்லாருக்கும் குடம் கவிழ்ந்ததுபோல் கொட்டும் என்றில்லை. சவ்வு மேல்பக்கம் கிழிந்திருந்தால் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஏமாற வைப்பது இந்தக் கசிவுதான். துணி மறுபடி மறுபடி நனைந்தால், உறுதியாகத் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது சிறுநீர்தான் என்று தெரிந்து திரும்பி வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்து: எழுதி வையுங்கள், உள்ளே எதையும் விடாதீர்கள்

தண்ணீர் உடைந்த நேரத்தைத் தாய் சேய் நலப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதுங்கள். "ராத்திரி" என்று சொன்னால் எங்களுக்குப் பத்து மணியா மூன்று மணியா என்று தெரியாது. மருந்துகளின் கணக்கே அந்த நேரத்திலிருந்துதான். கூடவே நீரின் நிறத்தையும், குழந்தை அசைகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கருப்பை வாய் திறந்திருக்கிறதா என்று வீட்டில் யாரும் விரல் விட்டுப் பார்க்கக் கூடாது, அனுபவமுள்ள பாட்டியாக இருந்தாலும். உடலுறவு கூடாது. உள்ளே கழுவுவதும் வேண்டாம். வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவி, துணியை நனைய நனைய மாற்றினால் போதும்.

நம் பக்கத்தில் சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். குடிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டு வலிக்காகக் காத்திருப்பதில்தான் மணிகள் ஓடுகின்றன. விளக்கெண்ணெய் கொடுத்து வலியை வரவழைக்கப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

கிளம்புவது

மாதம் நிறைந்து, நீர் தெளிவாக இருந்து, குழந்தையும் நன்றாக அசைந்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வீட்டு ஆண்கள் கடலுக்குப் போயிருந்தால் படகு திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். தாயோ மதினியோ கூட வந்தால் போதும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள்: நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது (குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது), இரத்தம் போவது, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது, 37 வாரம் நிறையாதது, குழந்தை தலை கீழாக இல்லை என்று ஸ்கேனில் சொல்லியிருப்பது.

கயிறுபோல ஏதாவது வெளியே தெரிந்தால் அது தொப்புள்கொடி. அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. தாயை முட்டி போட்டு, நெஞ்சு தரையில் படும்படி குனிந்து, இடுப்பு உயர்ந்திருக்கும் நிலையில் வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தலை கொடியை அழுத்தாமல் இருக்க இதுவே வழி. இது அரிது, ஆனால் நிமிடக் கணக்கு.

மருத்துவமனையில் நடப்பது

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். தங்கச்சிமடத்தில் தலைப்பிரசவக்காரி ஒருத்தி, 38 வாரம். இரவு 2 மணிக்குத் தண்ணீர் உடைகிறது, வலி இல்லை, நீர் தெளிவு. பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி வழியாக அதிகாலை 4 மணிக்கு இராமநாதபுரம் வந்து சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

நாடித்துடிப்பு 88, காய்ச்சல் இல்லை, குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 144 (110 முதல் 160 வரை சரி). அப்புறம் மருத்துவர் கிருமி நீக்கிய ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்க்கிறார். இருமச் சொன்னதும் கருப்பை வாயிலிருந்து நீர் வழிந்து தேங்குவது கண்ணுக்கே தெரிகிறது. சந்தேகம் இருந்தால் லிட்மஸ் தாள் உண்டு: பனிநீர் காரத்தன்மை கொண்டது என்பதால் சிவப்புத் தாள் நீலமாகும். இரத்தமோ விந்தோ கலந்திருந்தாலும் நீலமாகும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டார்கள். ஸ்கேனில் பனிநீரின் அளவும் பார்ப்பார்கள்.

"டாக்டர் கைவிட்டே பார்க்கலை" என்று கூட வந்தவர்கள் குறைபடுவது உண்டு. அது அலட்சியம் அல்ல. விரல் பரிசோதனை ஒவ்வொன்றும் கிருமிகளை மேலே தள்ளும். எத்தனை முறை பார்க்கிறார்களோ அத்தனைக்குத் தாயின் தொற்று வாய்ப்பு கூடுகிறது. வலி பிடிக்கும்வரை பார்க்காமல் இருப்பதே நல்ல கவனிப்பு.

இனி இரண்டு வழி. காத்திருந்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாக வந்துவிடும். அல்லது மருந்து கொடுத்து வலியை வரவைக்கலாம். 1996-ல் வெளியான, 5,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்த பன்னாட்டு ஆய்வில், வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றிச் சீக்கிரம் வலியை வரவைத்தபோது தாய்க்குத் தொற்று குறைந்தது, சிசேரியன் கூடவில்லை. "ட்ரிப்ஸ் ஏத்தினா ஆபரேஷன்ல போய் முடியும்" என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நம் உதாரணப் பெண்ணுக்குக் காலை 8 மணிக்கு முடிவெடுக்கிறார்கள். கருப்பை வாய் இன்னும் இளகவில்லை, அதனால் மிசோப்ரோஸ்டால் 25 மைக்ரோகிராம், 2 மணிக்கு ஒரு தடவை வாய்வழி. மதியத்துக்கு மேல் வலி சீராகிறது. இடையில் 4 மணிக்கொரு முறை காய்ச்சல், நாடி பார்க்கிறோம். குழந்தையின் துடிப்பை அடிக்கடி. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, தாயின் நாடி 100-ஐயும் குழந்தையின் துடிப்பு 160-ஐயும் தாண்டினாலோ, அடிவயிறு தொட்டால் வலித்தாலோ, நீரில் கெட்ட வாடை வந்தாலோ அது தொற்று. அப்போது காத்திருப்பதற்கே இடமில்லை. ஆன்டிபயாடிக் போட்டு, பிரசவத்தை முடிப்பார்கள். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் இரவு 8 மணிக்குத் தண்ணீர் உடைந்து 18 மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி ஏறியிருக்கும். சில மருத்துவமனைகளில் 12 மணியிலேயே தொடங்கிவிடுவார்கள். 9.40-க்குச் சுகப்பிரசவம்.

அவள் காலை வரை வீட்டில் இருந்துவிட்டு மதியம் வந்திருந்தால், அந்த 10 மணி நேரம் யாரும் பார்க்காமல் கழிந்திருக்கும்.

37 வாரத்துக்கு முன் உடைந்தால்

இங்கே கணக்கு மாறும். தொற்று ஒரு பக்கம், குறைமாதக் குழந்தையின் முதிராத நுரையீரல் மறு பக்கம். 34 வாரத்துக்கு முன் என்றால், தொற்று இல்லாதவரை பிரசவத்தைத் தள்ளிப்போடவே பார்ப்பார்கள். குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒன்றாக 4 ஊசி. கூடவே எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக். முதல் டெக்சாமெத்தசோன் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு அனுப்பலாம். தூரத்திலிருந்து வருகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். போய்ச் சேரும் இடத்தில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் இதை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

வீடு திரும்பிய பிறகு

நேரம் அதிகமாகிப் பிறந்த குழந்தையை ஒன்றிரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்ப்பார்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் போகாதீர்கள். வீட்டில் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ சில்லிட்டாலோ உடனே கொண்டு வாருங்கள். தாய்க்குக் காய்ச்சல், அடிவயிற்று வலி, உதிரப்போக்கில் கெட்ட வாடை இவற்றில் ஏதாவது இருந்தாலும் அதேபோலத்தான். வரும்போது தண்ணீர் உடைந்த நேரம் எழுதிய அந்தப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். குழந்தை மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.