டிரஸ் கணக்கு: வேலை செய்யாத உறுப்புகளை முதலில் ஒதுக்குங்கள்

டிரஸ் படத்தைப் பார்த்தவுடன் சமன்பாடு எழுத உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக நீளும். விசை இல்லாத உறுப்புகளை முதலில் அடையாளம் கண்டுவிட்டால் பாதி வேலை குறையும். தாமஸ் பிராட்டும் அவருடைய தந்தை கேலெப்பும் 1844-இல் காப்புரிமை பெற்ற பிராட் வகை டிரஸ் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

```
      F-----G-----H
    / | \   |   / | \
  /   |   \ | /   |   \
A-----B-----C-----D-----E
```

கீழே நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றும் 3 மீட்டர். உயரம் 4 மீட்டர். ஆகவே சாய்வு உறுப்பின் நீளம் 5 மீட்டர். சாய்வு விசையில் 4/5 பங்கு நிலைக்குத்தாகவும் 3/5 பங்கு கிடையாகவும் பிரியும். A-யில் கீல் தாங்கி, E-யில் உருளைத் தாங்கி. C-யில் 48 kN சுமை தொங்குகிறது. மூட்டுகள் உராய்வற்ற கீல்கள், சுமை மூட்டில் மட்டும், உறுப்புகளின் சொந்த எடை இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். சுமை நடுவில் இருப்பதால் இரு தாங்கிகளிலும் எதிர்விசை 24 kN.

படி 1: விசையற்ற உறுப்புகள்

மூட்டு B-யைப் பாருங்கள். AB, BC இரண்டும் ஒரே நேர்கோட்டில் உள்ளன, மூன்றாவதாக FB மட்டும் மேலே போகிறது, வெளிச்சுமை இல்லை. FB-யில் விசை இருந்தால் அதை ஈடுசெய்ய நிலைக்குத்துத் திசையில் வேறு எதுவும் கிடையாது. எனவே FB = 0. இதே காரணத்தால் D-யில் HD = 0.

இப்போது G. FG, GH ஒரே கோட்டில், சுமை இல்லை. ஆகவே GC = 0. சுமைக்கு நேர் மேலே நிற்கும் தூண் இது, இதுதான் சுமையைத் தூக்குகிறது என்று கண் சொல்லும். கண்ணை நம்ப வேண்டாம், மூட்டை நம்புங்கள். C-யில் நின்று பார்த்தால் இது தெரியாது. உறுப்பின் இரண்டு முனைகளையும் சோதிக்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு மூட்டில் இரண்டே உறுப்புகள் வெவ்வேறு திசைகளில் சேர்ந்து, சுமையும் தாங்கியும் இல்லாவிட்டால் இரண்டுமே சுழி. A-க்கு மேல் ஒரு கம்பம் நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து F-க்குக் கிடையாக ஓர் உறுப்பைச் சேர்த்தால், அந்த இரண்டும் சும்மா நிற்கும்.

படி 2: மூட்டு முறை

ஒரு மூட்டில் இரண்டு சமன்பாடுகளே கிடைக்கும். ஆகவே தெரியாத விசைகள் இரண்டுக்கு மேல் இல்லாத மூட்டில் தொடங்க வேண்டும்; இங்கே A. எல்லா உறுப்புகளும் இழுவிசையில் இருப்பதாகக் கொண்டு, அம்புக்குறியை மூட்டிலிருந்து வெளிநோக்கிப் போடுங்கள்.

```
A:  24 + (4/5)AF = 0         →  AF = -30 kN
    AB + (3/5)AF = 0         →  AB = +18 kN
B:  BC = AB                  →  BC = +18 kN
F:  -(4/5)AF - (4/5)FC = 0   →  FC = +30 kN
    FG + (3/5)FC - (3/5)AF = 0  →  FG = -36 kN
```

மைனஸ் வந்தால் அமுக்கு விசை. அம்புக்குறியை மாற்றி வரையாதீர்கள். மைனஸோடு அப்படியே அடுத்த மூட்டுக்குக் கொண்டுபோங்கள். அம்பையும் திருப்பி, குறியையும் வைத்துக்கொண்டால் இரண்டு முறை மாற்றியதாகிவிடும். F மூட்டில்தான் இது பெரும்பாலும் நடக்கும். சமச்சீர் என்பதால் வலப்பாதி இதேபோல்தான். C-யில் சரிபார்க்கலாம்: இரண்டு சாய்வுகளும் தலா 24 kN மேலே இழுக்கின்றன, கூட்டினால் 48.

படி 3: வெட்டு முறை

FG மட்டும் வேண்டுமென்றால் A-யிலிருந்து நடந்து வர வேண்டியதில்லை. B-க்கும் C-க்கும் நடுவே FG, FC, BC மூன்றையும் வெட்டி, இடப்பக்கத் துண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிவிசை A-யின் 24 kN மட்டுமே. C-யின் சுமை மறுபக்கத்தில் போய்விட்டது, அதைச் சேர்க்கக் கூடாது.

FC, BC இரண்டும் C வழியே போகின்றன. C-யைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் அவை தாமாகவே விலகும்.

```
C:  24×6 + FG×4 = 0   →  FG = -36 kN
F:  24×3 - BC×4 = 0   →  BC = +18 kN
↑:  24 - (4/5)FC = 0  →  FC = +30 kN
```

மூட்டு முறையின் விடைகளே வந்திருக்கின்றன. இரண்டு முறையிலும் ஓர் உறுப்பையாவது கண்டுபிடித்து ஒப்பிடுவது நல்ல சோதனை. வெட்டில் தெரியாத விசைகள் மூன்றுக்கு மேல் போனாலோ, மூன்றும் ஒரே புள்ளியில் சந்தித்தாலோ எல்லா விசைகளையும் கண்டுபிடிக்க முடியாது. வேறு இடத்தில் வெட்டுங்கள்.

சுழி என்றால் வேண்டாம் என்றா?

இல்லை. சுமையை C-யிலிருந்து B-க்கு நகர்த்துங்கள்: FB உடனே அந்தச் சுமை முழுவதையும் இழுவிசையாகத் தாங்கும். பாலத்தில் வண்டி நகர்வதால், ஒரு நிலையில் சுழியாக இருக்கும் உறுப்பு எல்லா நிலையிலும் சுழியாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. G-யில் கூரையின் எடை வந்தால் GC அதே அளவு அமுக்கு விசையை ஏற்கும்.

GC-க்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மேல் உறுப்பு 36 kN அமுக்கத்தில் உள்ளது. GC-யை எடுத்துவிட்டு F முதல் H வரை 6 மீட்டருக்கு ஒரே கம்பியாக வைத்தால், டிரஸின் தளத்தில் அது வளைந்து முறியாமல் தாங்கும் வரம்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆய்லரின் சூத்திரப்படி அந்த வரம்பு நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இந்த விவரம் மூட்டு முறையிலோ வெட்டு முறையிலோ வராது. உறுப்பின் குறுக்குவெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தனியாகக் கணக்கிட வேண்டும்.