'உம்' சரியாகச் சேர்ந்திருக்கிறதா? பெயர், வினை, எண் மூன்றிலும் சோதிக்கும் முறை

'உம்' தனித்து நிற்காத இடைச்சொல். தொல்காப்பியமும் நன்னூலும் இதற்கு எட்டுப் பொருள் சொல்கின்றன. எழுதத் தொடங்குபவருக்கு அன்றாடம் தேவைப்படுபவை அவற்றில் சிலதான்: பலவற்றை எண்ணிச் சேர்ப்பது, சொல்லாத ஒன்றும் உண்டு என்று காட்டுவது, எதையும் விடாமல் முழுவதையும் சுட்டுவது. தவறு பெரும்பாலும் பொருளில் நேர்வதில்லை. சேரும் இடத்தில்தான் நேர்கிறது. ஆகவே எழுத்திலிருந்து தொடங்குவோம்.

படி 1: பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

சொல் மெய்யெழுத்தில் முடிந்தால், அதன்மேல் 'உ' ஏறிக்கொள்ளும். மரம் மரமும் ஆகும், தமிழ் தமிழும் ஆகும். ஆனால் ஒரே ஒரு குறில், அதையடுத்து ஒரு மெய் என்று சொல் அமைந்திருந்தால் அந்த மெய் இரட்டிக்கும். 'ஆணும் பெண்ணும்' என்ற தொடரில் இரண்டையும் பார்க்கலாம். 'ஆண்' நெடிலில் தொடங்குவதால் ஒரு ண் போதும். 'பெண்' குறிலில் தொடங்குவதால் ண் இரட்டிக்கிறது. கல்லும், நெய்யும், பொன்னும் என்பவை பெண்ணைப் போல. பாலும், நாயும், வானும் என்பவை ஆணைப் போல. பிறமொழிச் சொல்லும் இதே வழியில்தான் போகும்: பஸ்ஸும், போனும்.

சொல் உயிரொலியில் முடிந்தால் நடுவில் ஓர் உடம்படுமெய் வேண்டும். இ, ஈ, ஐ ஆகியவற்றுக்குப் பின் 'ய்' வரும்: கிளியும், டீயும், மலையும். அ, ஆ, ஊ, ஓ ஆகியவற்றுக்குப் பின் 'வ்' வரும்: அம்மாவும், பூவும், ஆட்டோவும். இதில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் அதிகம் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் வருவது உகரத்தில்.

உகரத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சொல் இரண்டே எழுத்தாக, இரண்டும் குறிலாக இருந்தால் உகரம் நிற்கும், 'வ்' வரும்: பசுவும், தெருவும், புழுவும், அதுவும். மற்ற இடங்களில் உகரம் போய்விடும்: வீடும், பாட்டும், வயிறும், கதவும், செலவும். அதனால்தான் 'அது' என்பது 'அதுவும்' ஆகிறது, 'ஒன்பது' என்பது 'ஒன்பதும்' ஆகிறது. இரண்டும் 'து'வில்தான் முடிகின்றன, ஆனால் முன்னால் இருக்கும் எழுத்துகள் வேறு. பேச்சில் 'அதும், இதும்' என்று சொல்வதை அப்படியே எழுதிவிடுவது ஒரு பிழை. அதைத் திருத்தும் வேகத்தில் 'கதவுவும்' என்று எழுதுவது இன்னொன்று.

விதிவிலக்கு: பாபு, ராஜு, சாது போன்ற பெயர்களிலும் பிறமொழிச் சொற்களிலும் கடைசி உகரம் முழுதாக ஒலிக்கிறது. எனவே பாபுவும், சாதுவும் என்று எழுதுகிறோம். 'பாபும்' என்றால் ஆளின் பெயரே சிதைந்துவிடும்.

படி 2: வேற்றுமை உருபு முதலில், 'உம்' கடைசியில்

அவனை, அவனுக்கு, வீட்டில், ஊரிலிருந்து என்று உருபைச் சேர்த்து முடித்த பிறகுதான் 'உம்' வரும்: அவனையும், அவனுக்கும், வீட்டிலும், ஊரிலிருந்தும். சேரும் முறை படி 1-இல் கண்டதுதான். 'ஐ'க்குப் பின் யகரம்; 'கு'வின் உகரம் போய் 'க்கும்'.

எண்ணிச் சேர்க்கும்போது எல்லா உறுப்பிலும் 'உம்' இருக்க வேண்டும், எல்லா உறுப்பிலும் ஒரே உருபு இருக்க வேண்டும். 'அம்மாவும் அப்பாவுக்கும் சொன்னேன்' என்பதில் முதல் பெயர் தொங்குகிறது. 'அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொன்னேன்' என்றால்தான் தொடர் நேராகும். உருபை ஒருமுறை மட்டும் சொல்ல விரும்பினால் பெயர்களில் 'உம்'மை விட்டுவிட்டு, கடைசியில் வரும் தொகைச் சொல்லில் மட்டும் உருபையும் 'உம்'மையும் சேருங்கள்: 'அம்மா, அப்பா இருவருக்கும் சொன்னேன்.'

'மற்றும்' இங்கேதான் குழப்பத்தைக் கொண்டுவருகிறது. 'மாணவர்கள் மற்றும் பெற்றோர்களுக்கும் அழைப்பு அனுப்பினோம்' என்ற வாக்கியத்தில் 'மற்றும்' ஒருபுறம் சேர்க்கிறது, 'உம்' மறுபுறம் சேர்க்கிறது, மாணவர்களுக்கோ 'கு'வே கிடைக்கவில்லை. எழுதி முடித்த கோப்பில் 'மற்றும்' என்று தேடி, கிடைக்கும் ஒவ்வோர் இடத்திலும் 'உம்... உம்' போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும், வாக்கியமும் சுருங்கும். நீண்ட பட்டியல் என்றால் காற்புள்ளியிட்டு 'ஆகிய' என்று முடிக்கலாம்.

'நல்ல', 'பெரிய', 'மூன்றாம்' போன்ற பெயரடைகள் 'உம்' ஏற்காது. பெயராக மாற்றினால் ஏற்கும்: நல்லதும் கெட்டதும், மூன்றாவதும் நான்காவதும்.

படி 3: வினையில் இது எந்த 'உம்' என்று கேளுங்கள்

'மழை பெய்யும்' என்பதிலும் 'உம்' இருக்கிறது. ஆனால் அது சேர்க்கும் 'உம்' இல்லை, வினையின் விகுதி. இரண்டையும் பிரிக்க, 'உம்'மை எடுத்துவிட்டு வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். 'மழையும் பெய்யும்' என்பதில் முதல் 'உம்'மை எடுத்தால் 'மழை பெய்யும்' என்று நிற்கும். இரண்டாவதை எடுத்தால் 'மழையும் பெய்' என்றாகிச் சரிந்துவிடும். எனவே முதலாவதுதான் இணைப்பு.

சில சொற்கள் இரண்டாகவும் வரும். 'ஓடும் ரயில்' என்பதில் ஓடுதல் வினை. 'கூரையின் ஓடும் சுவரும் இடிந்தன' என்பதில் ஓடு ஒரு பொருள். ஐயம் வந்தால் நேற்றைக்கு மாற்றிப் பாருங்கள். 'ஓடும் ரயில்' என்பது 'ஓடிய ரயில்' ஆகும். கூரையின் ஓடு மாறாது.

முடிந்த வினைமுற்றில் இந்த இணைப்பு சேராது. அதனால் இரண்டு செயல்களை இணைக்க வேறு வழி வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை என்றால் 'உம்'மே வேண்டாம்: 'வந்தான் மற்றும் சாப்பிட்டான்' என்பதை 'வந்து சாப்பிட்டான்' என்று எழுதினால் போதும். 'இதோடு அதுவும்' என்று அழுத்த வேண்டுமானால் இரண்டாவது வினையைச் 'செய்ய' என்ற வடிவுக்கு மாற்றி 'உம்' சேர்க்கலாம்: 'பாடினாள், ஆடவும் செய்தாள்.' எதிர்மறையில் 'வரவில்லை' பிரிந்து நடுவில் 'உம்' நுழையும்: 'வரவும் இல்லை, சொல்லவும் இல்லை.'

'செய்து' என்ற வடிவில் சேரும்போது எத்தனை 'உம்' வருகிறது என்று எண்ணுங்கள். 'கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டான்' என்பதில் இரண்டு இருப்பதால் அது சேர்க்கை. 'படித்தும் தேறவில்லை' என்பதில் ஒன்றே வருகிறது. படித்தபோதிலும் தேறவில்லை என்று பொருள் திரும்பிவிடுகிறது. 'வந்ததும்' இன்னும் நுட்பமானது. 'அவன் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது' என்பது இரண்டு செயல்களைச் சேர்க்கிறது. 'அவன் வந்ததும் கிளம்பினோம்' என்பது வந்த உடனே என்று காலத்தைச் சொல்கிறது. சேர்க்கும் நோக்கில் 'வந்ததும்' என்று எழுதியிருந்தால், அதற்கு இணையான இன்னொரு '-தும்' வாக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாசிப்பவர் காலமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

படி 4: எண்ணை வாய்விட்டுப் படித்துச் சேருங்கள்

ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணுப் பெயரும் உகரத்தில் முடிகிறது, எல்லாவற்றிலும் அந்த உகரம் போகிறது: ஒன்றும், இரண்டும், ஏழும், ஒன்பதும், பத்தும். நூறு நூறும் ஆகும். ஆயிரம், லட்சம் மெய்யில் முடிவதால் ஆயிரமும், லட்சமும். கோடி மட்டும் கோடியும். கூட்டு எண்ணில் 'உம்' கடைசியில் ஒருமுறைதான் வரும். 'நூற்று இருபத்தைந்தும்' ஒரே எண். 'நூறும் இருபத்தைந்தும்' இரண்டு எண்கள்.

இலக்கத்தில் எழுதும்போது கவனம் தேவை. '5-ம்' என்று போட்டால் பலரும் 'ஐந்தாம்' என்றே படிப்பார்கள், ஏனெனில் '5-ம் வகுப்பு' என்று எழுதும் வழக்கம் ஊன்றிவிட்டது. '5-ம் 6-ம் சேர்ந்தால் 11' என்பது அதனால் தடுக்கும். சேர்க்கும் பொருளில் '5-உம் 6-உம் சேர்ந்தால் 11' என்று முழு 'உம்' இடுங்கள். '5-வும்' என்று எழுதக்கூடாது. ஐந்தில் வகரம் வர இடமே இல்லை.

எண்ணில் 'உம்' வந்தால் பொருளும் மாறும். 'மூன்று பேர் வந்தார்கள்' என்றால் தொகை மட்டும் தெரிகிறது. 'மூன்று பேரும் வந்தார்கள்' என்றால் அந்த மூவர் யார் என்பது முன்பே தெரியும், யாரும் விடுபடவில்லை. இதை முற்றும்மை என்பார்கள். எனவே ஒரு தொகையை முதன்முதலாகச் சொல்லும் வாக்கியத்தில் இந்த 'உம்' வரக்கூடாது.

எதிர்மறை சேர்ந்தால் முற்றும்மை தளர்ந்துவிடும். 'எல்லாரும் வரவில்லை' என்பதைச் சிலர் வந்தார்கள் என்றும் கொள்ளலாம், ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம். நன்னூலும் முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருள், அதாவது சொல்லாமல் விட்டது மிச்சம் உண்டு என்ற பொருள், தரும் என்கிறது. அறிக்கை, செய்தி எழுதுபவர்கள் இதை அப்படியே விடக்கூடாது. 'ஒருவரும் வரவில்லை' அல்லது 'சிலர் வரவில்லை' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

பள்ளி விழா அறிக்கை ஒன்று இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

> விழாவுக்கு ஆசிரியர்கள் மற்றும் பெற்றோர்களும் வந்தனர். 5-ம் 6-ம் வகுப்பு மாணவர்கள் ஆடினர் மற்றும் பாடினர். மூன்று பரிசுகளும் வழங்கப்பட்டன. அதும் ஒரே வகுப்புக்குக் கிடைத்தது. கனமழை பெய்தும் கூட்டம் கலையவில்லை.

முதல் வாக்கியத்தில் 'ஆசிரியர்களும் பெற்றோர்களும்' என்று இரண்டிலும் 'உம்' வர வேண்டும். இரண்டாவதில் உள்ள '5-ம்' வரிசை எண், அதனால் அதைத் தொட வேண்டாம். நடுவில் காற்புள்ளி போதும். 'ஆடினர் மற்றும் பாடினர்' என்பது 'ஆடிப் பாடினர்' ஆகும். பரிசுகளைப் பற்றி இதற்கு முன் பேச்சே இல்லை, ஆகவே 'மூன்று பரிசுகள்' போதும். அடுத்த வாக்கியத்தில்தான் முழுமையைச் சொல்கிறோம். 'அதும்' இருந்த இடத்தில் 'மூன்றும்' வருகிறது, வினையும் பன்மையாகிறது. கடைசி வாக்கியத்தில் ஒற்றை 'உம்', மழை பெய்தபோதிலும் என்ற பொருள். அது சரியாகவே இருக்கிறது.

> விழாவுக்கு ஆசிரியர்களும் பெற்றோர்களும் வந்தனர். 5-ம், 6-ம் வகுப்பு மாணவர்கள் ஆடிப் பாடினர். மூன்று பரிசுகள் வழங்கப்பட்டன. மூன்றும் ஒரே வகுப்புக்குக் கிடைத்தன. கனமழை பெய்தும் கூட்டம் கலையவில்லை.