சமமில்லாத இடத்தைச் சமதளம் என்று நம்பிவிடாதீர்கள்

படத்தில் உள்ள இரைச்சல் எந்த வகை என்று பார்க்க, ஒரே நிறம் பரவிய ஒரு துண்டை வெட்டி ஹிஸ்டோகிராம் போடுகிறோம். மணி வடிவம் வந்தால் காஸியன், அதற்குச் சராசரி ஃபில்டர். பெட்டி வடிவம் வந்தால் யூனிஃபார்ம், அதற்கு மிட்பாயிண்ட். 0-விலும் 255-லும் தனியாகக் குச்சிகள் நின்றால் இம்பல்ஸ், அதற்கு மீடியன். இந்த வழி சரிதான். தவறு பெரும்பாலும் துண்டைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிறது.

ஒரு வெள்ளைச் சுவரின் படத்தில் 50×50 துண்டு எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுவதால் இடது ஓரம் 110, வலது ஓரம் 140. பக்கத்துப் பிக்சலுக்கு 0.6 அளவுதான் கூடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஹிஸ்டோகிராம் 110 முதல் 140 வரை தட்டையான பெட்டியாக வரும். உண்மையான இரைச்சல் சிக்மா 3 உள்ள காஸியன்தான்; பெட்டி, வெளிச்சச் சரிவு போட்ட வேஷம். அதை நம்பி மிட்பாயிண்ட் போட்டால், ஒவ்வொரு 3×3 ஜன்னலிலும் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் மட்டுமே கணக்கில் வரும், மற்ற ஏழும் வீண். சராசரி எடுத்திருந்தால் சிக்மா 3-லிருந்து 1-ஆகக் குறைந்திருக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. முதல் 10 நெடுவரிசைகளின் சராசரியையும் கடைசி 10-இன் சராசரியையும் ஒப்பிடுங்கள். இங்கே 113, 137 என்று வரும். அசல் யூனிஃபார்ம் இரைச்சலாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சரிவு தெரிந்தால் ஒரு சாய்தளத்தைப் பொருத்திக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு ஹிஸ்டோகிராம் போடுங்கள். கீழே `p` என்பது அந்த 50×50 துண்டு, `r` என்பது மிச்சம்:

```python
y, x = np.mgrid[:50, :50]
A = np.c_[x.ravel(), y.ravel(), np.ones(2500)]
c = np.linalg.lstsq(A, p.ravel(), rcond=None)[0]
r = p.ravel() - A @ c
```

`r`-இல் மணி வடிவம் தெளிவாக வந்துவிடும்.

இருட்டுத் துண்டு இன்னொரு பொறி. சராசரி 10, சிக்மா 20 என்றால் கிட்டத்தட்ட 30 சதவீதப் பிக்சல்கள் 0-க்குக் கீழே போக வேண்டியவை. போக இடமில்லாமல் 0-விலேயே குவிகின்றன. அந்தக் குச்சியைப் பார்த்து இம்பல்ஸ் என்று முடிவு கட்டாதீர்கள். நடுச்சாம்பலில் ஒரு துண்டு எடுங்கள். அங்கேயும் 0-வில் குச்சி இருந்தால்தான் அது இம்பல்ஸ்.

அப்புறம், இம்பல்ஸ் கலந்திருக்கும்போது நேரடியாகச் சிக்மா கணக்கிடக் கூடாது. சராசரி 120, சிக்மா 5 உள்ள துண்டில் 0-வும் 255-உம் ஆளுக்கு 1 சதவீதம் விழுந்தாலே, கணக்கு சுமார் 19 என்று காட்டும். அந்த இரண்டு மதிப்புகளையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் 5 திரும்பக் கிடைக்கும். அப்போது முதலில் மீடியன், அதற்குப் பிறகு தேவைப்பட்டால் சராசரி. வரிசையை மாற்றினால், 120 நடுவில் கிடக்கும் ஒரே ஒரு 255, 3×3 சராசரியில் ஒன்பது பிக்சல்களையும் 135 ஆக்கிவிடும். அந்தச் சதுரக் கறையை 3×3 மீடியனால் முழுதாக அழிக்க முடியாது.